தோளில் கோட்டு உட்கார: கடற்கரை வெயிலில் எடுத்த படத்துக்கு ஒளியும் நிழலும் பொருத்தும் முறை

வெள்ளைச் சட்டையில் எடுத்த படத்துக்கு ஏஐ மூலம் கோட்டு போடுவது இப்போது சில நொடி வேலை. நிச்சயதார்த்த ஃபிளக்ஸ், அழைப்பிதழ் என்று ராமநாதபுரம் பக்கத்து ஸ்டூடியோக்களில் அடிக்கடி கேட்கப்படும் வேலையும் இதுதான். துணி நன்றாக வந்திருக்கும், பொத்தான் நன்றாக வந்திருக்கும். ஆனாலும் பார்த்தவுடன் “ஒட்ட வைச்சிருக்காங்க” என்று சொல்லிவிடுவார்கள். முகத்தில் வெயில் ஒரு பக்கமிருந்து விழுகிறது, கோட்டின் இரண்டு தோளும் ஒரே அளவு வெளிச்சத்தில் இருக்கின்றன. குறை அங்கேதான்.

இந்தக் கட்டுரை ஒரே ஒரு படத்தை எடுத்துக்கொண்டு அதை முழுவதுமாகச் செய்து பார்க்கிறது. போட்டோஷாப்பில் சொல்லியிருக்கிறோம். லேயரும் மாஸ்க்கும் உள்ள எந்த மென்பொருளிலும் இரண்டாம் பாதியை இப்படியே செய்யலாம்.

எடுத்துக்கொண்ட படம்

தனுஷ்கோடி மணலில் ஓர் இளைஞர் நிற்கிறார். ஜனவரி நடுவில், மாலை நாலரை மணி. அவர் தெற்கே பார்த்து நிற்கிறார், கேமரா வடக்கே பார்க்கிறது. பின்னால் தெரிவது பாக் நீரிணைப் பக்கம், அதாவது பெண்கடல். வெள்ளை முழுக்கை சட்டை, மேல் பொத்தான் திறந்திருக்கிறது. கைகள் பக்கவாட்டில் தொங்குகின்றன. அவருக்குக் கருநீலக் கோட்டு போட வேண்டும், முன்பக்கம் திறந்தபடி.

படத்தில் ஒரு தோள் முனையிலிருந்து மறு தோள் முனை வரை 1350 பிக்சல். ஆளின் தோள் அகலம் 45 சென்டிமீட்டர் என்று வைத்துக்கொண்டால், ஒரு சென்டிமீட்டருக்கு 30 பிக்சல். இந்தக் கணக்கை ஒரு தாளில் எழுதி வையுங்கள். கடைசி வரை வேண்டும்.

முதலில் வெயில் எங்கே என்று முடிவு செய்யுங்கள்

கோட்டை உருவாக்கிவிட்டு ஒளியைப் பற்றி யோசித்தால் தாமதம். சட்டை இன்னும் படத்தில் இருக்கும்போதே அது சொல்வதையெல்லாம் குறித்துக்கொள்ள வேண்டும், கோட்டு வந்தபின் அந்தச் சாட்சி மறைந்துவிடும்.

பக்கத்தை மூக்கின் நிழல் சொல்லும். நம் படத்தில் மூக்கின் நிழல் படத்தின் வலப்பக்கக் கன்னத்தில் விழுகிறது. ஆகவே வெயில் படத்தின் இடப்பக்கம், அதாவது அவருடைய வலத்தோள் பக்கம். அந்த நிழல் கன்னத்தின் குறுக்கே நன்றாக நீண்டிருந்தால் வெயில் பக்கவாட்டிலிருந்து வருகிறது. உதட்டை நோக்கி இறங்கியிருந்தால் மேலிருந்து வருகிறது.

உயரத்துக்கு, படம் எடுத்த நேரத்தைப் பாருங்கள். கோப்பின் விவரத்திலேயே இருக்கும், கேமராவின் கடிகாரம் சரியாக இருந்தால் போதும். ராமேசுவரம் பகுதியில் ஜனவரி நடுவில் மாலை நாலரைக்குச் சூரியன் அடிவானத்திலிருந்து சுமார் 22 டிகிரி உயரத்தில், நேர் மேற்கிலிருந்து கொஞ்சம் தெற்கே தள்ளி இருக்கும். அந்த உயரத்தில் நிழல் ஆளின் உயரத்தைப்போல் ஏறத்தாழ இரண்டரை மடங்கு நீளும். தரையில் விழுந்த நிழலை வைத்து இதைச் சரிபார்க்கும்போது கவனம்: நிழல் கேமராவை விட்டு விலகிப் போகும்போது படத்தில் குறுகித் தெரியும். திசைக்கு அதை நம்பலாம், நீளத்துக்கு நம்ப வேண்டாம்.

இவர் தெற்கே பார்ப்பதால் வெயில் அவர் முகத்துக்கு நேரான கோட்டிலிருந்து 60 டிகிரி வலப்பக்கம் விலகி வருகிறது. முன்னாலிருந்து கொஞ்சம், பக்கத்திலிருந்து நிறைய.

ஒரு தோள் ஏன் மங்க வேண்டும்

மனிதத் தோள் தட்டையான பலகை அல்ல. கழுத்திலிருந்து வெளிப்பக்கமாக ஏறத்தாழ 20 டிகிரி சரியும். வலத்தோளின் சரிவு வெயிலை எதிர்கொள்கிறது, எனவே ஒளி அதன்மேல் 45 டிகிரி வாக்கில் நன்றாக விழுகிறது. இடத்தோளின் சரிவோ வெயில் போகும் திசையிலேயே சரிகிறது. வெயில் கொஞ்சம் முன்னாலிருந்தும் வருவதால், முன்னிருந்து பார்க்கும்போது 22 டிகிரிக் கதிர் 25 டிகிரி இறங்குவதாகத் தெரிகிறது, தோள் 20 டிகிரி இறங்குகிறது. மிச்சம் ஐந்து டிகிரிதான். கதிர் துணியை உரசிக்கொண்டு போகிறது, விழவில்லை.

அந்த நிலையில் சிறிய தடையும் பெரிய நிழல் தரும். கழுத்தோரம் கோட்டின் காலர் இரண்டு சென்டிமீட்டர் நிமிர்ந்திருந்தாலே அதன் நிழல் இடத்தோளின் மேற்பரப்பில் பெரும்பகுதியை மூடிவிடும். ஆனால் தலையின் நிழல் தோளில் விழாது. அது தோளுக்கு மேலாகவே தாண்டி பின்னால் மணலுக்குப் போய்விடும். புதிதாகச் செய்பவர்கள் இடத்தோளில் வட்டமாக ஒரு தலை நிழலை வரைந்துவிடுகிறார்கள். சூரியன் 45 டிகிரிக்கு மேல் இருக்கும் வேளையில் அது சரியாக வரலாம். மாலை வெயிலில் தவறு.

மார்புக்கு ஒளி நடுத்தரமாகக் கிடைக்கிறது, இரண்டு பக்கமும் ஏறத்தாழ ஒரே அளவில். இடக்கையின் வெளிப்புறம் முழு நிழல். இந்த நான்கு இடங்களின் வரிசை உங்கள் மனதில் இருக்கட்டும்: வலத்தோள் பிரகாசம், மார்பு நடுத்தரம், இடத்தோளின் மேல்புறம் மங்கல், இடக்கையின் வெளிப்புறம் நிழல். கோட்டு எவ்வளவு அழகாக வந்தாலும் இந்த வரிசை பிசகினால் அது அந்த ஆளின் மேல் இல்லை.

நிழலின் நிறத்தைச் சட்டையிடமிருந்து எடுப்பது

கறுப்பு பிரஷ்ஷை எடுத்து நிழல் தீட்டுவதுதான் அடுத்த பெரிய பிழை. தனுஷ்கோடியில் நிழல் கறுப்பாக இருக்காது. வெயில் மறைந்த இடத்திலும் வானத்தின் நீலம் இறங்குகிறது, கீழிருந்து மணல் ஒளியை மேலே திருப்புகிறது. அதன் சரியான நிறம் படத்திலேயே இருக்கிறது.

Eyedropper கருவியில் Sample Size என்பதை 5 by 5 Average என்று வையுங்கள். சட்டையில் வலத்தோளின் வெயில் பட்ட இடத்தில் ஓர் அளவு, இடக்கையின் வெளிப்புற நிழலில் ஓர் அளவு எடுங்கள். துணி ஒன்றாக இருக்க வேண்டும் என்பது முக்கியம். நம் படத்தில் வெயிலில் 235, 225, 205 என்றும், நிழலில் 130, 135, 145 என்றும் வருவதாக வைத்துக்கொள்வோம். சிவப்பு, பச்சை, நீலம் ஒவ்வொன்றிலும் நிழலை வெயிலால் வகுத்து 255-ஆல் பெருக்குங்கள்:

```
130 / 235 × 255 = 141
135 / 225 × 255 = 153
145 / 205 × 255 = 180
```

141, 153, 180. சாம்பல் கலந்த நீலம். இந்த நிறத்தை Multiply முறையில் எந்தத் துணியின் மேல் வைத்தாலும் அதே இடத்தின் அதே நிழல் கிடைக்கும். வெயிலில் 46, 58, 92 ஆக இருக்கும் கருநீலம் நிழலில் 25, 35, 65 ஆகும். இருட்டுகிறது, ஆனாலும் துணியின் நெசவு தெரிகிறது.

சட்டையின் வெயில் பகுதி வெளுத்துப்போய் மூன்று எண்ணும் 255-ஐத் தொட்டிருந்தால் இந்தக் கணக்கு பொய் சொல்லும். அப்போது கன்னத்தின் வெயில் பக்கத்தையும் நிழல் பக்கத்தையும் எடுத்துக்கொள்ளுங்கள். கன்னத்தின் இரு பக்கமும் ஒரே நிறத்தில் இருக்காது என்பதால் துல்லியம் கொஞ்சம் குறையும், ஆனால் கறுப்பைவிட எவ்வளவோ மேல்.

கோட்டை உருவாக்குதல்

சட்டையைச் சுற்றித் தேர்வு செய்யுங்கள். தோளுக்கு வெளியே ஒரு சென்டிமீட்டர், நம் படத்தில் 30 பிக்சல், இடம் விடுங்கள். கோட்டின் தோள் பட்டை சட்டையைவிட வெளியே நிற்கும், அதற்கு இடம் இல்லாவிட்டால் தோள் வெட்டுப்பட்டு வரும். மேலே தாடையையும் கழுத்தையும் தேர்வுக்குள் விடவே கூடாது. கழுத்தில் ஏற்கெனவே தாடையின் உண்மையான நிழல் விழுந்திருக்கிறது. அது போய்விட்டால் அதற்கு ஈடாக வரைவது மிகக் கடினம். நடுவில் சட்டையின் காலரும் மார்பின் முக்கோணமும் அப்படியே இருக்கட்டும், அதையும் தேர்விலிருந்து கழித்துவிடுங்கள். ஆளின் சொந்தச் சட்டை உள்ளே தெரிவது நம்பகத்தன்மைக்குப் பெரிய துணை.

பிறகு போட்டோஷாப்பின் ஏஐ கருவியான Generative Fill-ல் இப்படி எழுதலாம்:

```
plain navy blue wool blazer for men, worn open,
soft even light, natural folds at the shoulders
```

வெயிலையும் அதிலேயே கேட்டுவிடலாமே என்று தோன்றும். கேட்டால் வரும், ஆனால் எந்தக் கோணத்தில் வரும் என்பது நம் கையில் இல்லை. தவறான பக்கம் விழுந்த பளபளப்பைத் துணியிலிருந்து அழிப்பதைவிட, சமமான ஒளியில் வந்த துணியின்மேல் நிழல் சேர்ப்பது எளிது. அதனால்தான் soft even light.

வந்த மாதிரிகளில் தேர்ந்தெடுக்கும்போது பொத்தானையோ பையையோ பார்க்காதீர்கள். தோளைப் பாருங்கள். தோள் முனையில் கைத் தையல் எங்கே விழுகிறது, கழுத்தோரம் காலர் சட்டைக் காலரை ஒட்டி உட்காருகிறதா, இடத்தோளில் வெள்ளைப் பளபளப்பு இல்லாமல் இருக்கிறதா. இந்த மூன்றும் சரியென்றால் எடுத்துக்கொள்ளலாம்.

ஒளி எதிர்ப்பக்கம் வந்துவிட்ட கோட்டை இடவலமாகத் திருப்பிப் போட்டுச் சமாளிக்காதீர்கள். ஆண்கள் கோட்டில் மார்புப் பை அணிபவரின் இடப்பக்கம் இருக்கும், பொத்தான் போடும்போது இடப்பக்கம் மேலே வரும். திருப்பினால் இரண்டும் மாறிவிடும். தையற்காரர் ஒருவர் கண்ணில் பட்டால் போதும், சொல்லிவிடுவார்.

நிழல் தீட்டுதல்

கோட்டு லேயருக்கு மேல் 141, 153, 180 நிரப்பிய லேயர் ஒன்றை வைத்து Multiply ஆக்குங்கள். Ctrl+Alt+G அழுத்தினால் அது கோட்டுக்குள் மட்டும் அடங்கும். அதற்குக் கறுப்பு மாஸ்க் போட்டால் எல்லாம் மறையும். இனி மாஸ்க்கில் வெள்ளை தீட்டுகிற இடமெல்லாம் நிழல்.

எல்லா நிழலையும் இந்த ஒரே மாஸ்க்கில் தீட்டுங்கள். காலர் நிழலுக்கு ஒரு லேயர், கை நிழலுக்கு இன்னொரு லேயர் என்று பிரித்தால், இரண்டும் சேரும் இடத்தில் இருமடங்கு இருட்டு வரும். வெயில் ஒரு தடவைதான் மறைய முடியும். ஏற்கெனவே நிழலில் இருக்கும் துணியில் இன்னொரு நிழல் விழுவதில்லை. ஒரே மாஸ்க்கில் வெள்ளைக்கு மேல் வெள்ளை தீட்டினாலும் வெள்ளைதான், ஆகவே பிழைக்கு இடமில்லை.

முதலில் உடம்பின் வளைவால் வரும் மங்கல். Hardness 0 வைத்த பெரிய பிரஷ், 150 பிக்சல் வாக்கில். வலத்தோளைத் தொடாதீர்கள். மார்பில் பிரஷ்ஷின் Opacity 30 சதவீதம். இடத்தோளின் மேல்புறம் 80 சதவீதம். இடக்கையின் வெளிப்புறம் 100.

அடுத்து விழும் நிழல்கள். இவை கூர்மையானவை, Hardness 90-க்கு மேல். கழுத்தின் நிழல் இடப்பக்கக் காலரின் உட்புறத்தில் விழும். வலக்கையின் நிழல் அதை ஒட்டிய இடுப்புப் பக்கத்தில் விழும், கைக்கும் உடம்புக்கும் நடுவே ஒரு பட்டையாக.

மிக நுட்பமான இடம் மார்பின் முக்கோணம். வெயில் அவருடைய வலப்பக்கமிருந்து வருவதால், வலப்பக்க லாபெல், அதாவது காலருக்குக் கீழே மடிந்து நிற்கும் மார்புப் பட்டை, சட்டையின்மேல் நிழல் தரும். இடப்பக்க லாபெலின் ஓரமோ வெயிலை நேராகப் பார்க்கிறது. அது நிழல் தராது, மாறாக ஓரத்தில் ஒரு மெல்லிய வெளிச்சக் கோடு பிடிக்கும். ஏஐ பெரும்பாலும் இரண்டு பக்கமும் ஒரே மாதிரி மென்னிழல் போட்டிருக்கும். இடப்பக்கத்தில் வந்திருப்பதை அழியுங்கள். வலப்பக்கத்தில், லாபெல் சட்டையிலிருந்து அரை சென்டிமீட்டர் தூக்கி நின்றால் நிழலின் அகலம் முக்கால் சென்டிமீட்டருக்குக் கொஞ்சம் மேல், அதாவது சுமார் 25 பிக்சல். சட்டை கோட்டு லேயரில் இல்லாததால் இதை மட்டும் கோட்டுக்குக் கீழே, சட்டைக்கு மேலே தனி லேயரில் அதே நிறத்தில் தீட்ட வேண்டும். இந்த ஒரு நிழல் வந்தவுடன் கோட்டு படத்திலிருந்து எழுந்து ஆளின் மேல் ஏறிக்கொள்வதைக் கண்ணால் பார்க்கலாம்.

ஓரம் எவ்வளவு மென்மையாக இருக்க வேண்டும்

சூரியன் வானில் அரை டிகிரி அகலம். அதனால் நிழலின் ஓரம், தடைக்கும் நிழல் விழும் இடத்துக்கும் உள்ள தூரத்தில் ஏறத்தாழ 110-இல் ஒரு பங்கு அகலத்துக்கு மங்கும். லாபெலுக்கும் சட்டைக்கும் கதிர் போகும் தூரம் ஒரு சென்டிமீட்டர் என்றால் மங்கல் ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு. நம் படத்தில் ஒரு பிக்சல்கூட இல்லை. கத்தி மாதிரி இருக்க வேண்டும். பத்து சென்டிமீட்டர் தள்ளி விழும் நிழலுக்கு மூன்று பிக்சல். மாஸ்க்கில் அந்தப் பகுதியை மட்டும் தேர்ந்து Gaussian Blur ஒன்று அல்லது ஒன்றரை பிக்சல் கொடுத்தால் சரி.

பழக்கத்தில் எல்லா நிழலுக்கும் இருபது முப்பது பிக்சல் மங்கல் கொடுத்துவிடுகிறார்கள். முகத்தில் மூக்கின் நிழல் கூர்மையாக இருக்க, கோட்டில் மட்டும் நிழல் பஞ்சாக இருந்தால், ஆள் வெயிலிலும் கோட்டு அறைக்குள்ளும் இருப்பது போலாகும். சந்தேகம் வந்தால் மூக்கின் நிழல் ஓரத்தை 200 சதவீதத்தில் பெரிதாக்கிப் பார்த்து அதற்கு ஒப்பாக வையுங்கள்.

மறந்துபோகும் மூன்று இடங்கள்

தாடையின் அடி. வெள்ளைச் சட்டை தாடைக்குக் கீழே ஒளியைத் திருப்பிக் கொடுத்துக்கொண்டிருந்தது. கருநீலம் அவ்வளவு கொடுக்காது. மணலும் நடுவில் உள்ள சட்டையும் இன்னும் கொடுக்கின்றன என்பதால் பெரிய மாற்றம் வேண்டாம். Curves-ல் ஐந்து சதவீதம் மட்டும் இறக்கி, தாடையின் அடிக்கு மட்டும் மாஸ்க் போடுங்கள்.

மணலின் ஒளி. கை மடிப்புகளின் அடிப்பக்கத்திலும் கோட்டின் கீழ்விளிம்பிலும் இளஞ்சூடான ஒரு வெளிச்சம் இருக்க வேண்டும். மணலிலிருந்து எடுத்த நிறத்தை Screen முறையில் 10 சதவீதத்துக்கு மேல் போகாமல் மென்மையாகத் தீட்டினால் போதும். மிகுந்தால் கோட்டு வெளுத்துவிடும்.

தரை நிழல். கால் வரை தெரியும் படமென்றால் இதைப் பார்க்காமல் விடக்கூடாது. சட்டையோடு நின்றபோது கைக்கும் இடுப்புக்கும் நடுவே மணல் நிழலில் ஒரு வெளிச்ச இடைவெளி தெரியும். கோட்டு போட்டபின் அது குறுகும், திறந்த கோட்டில் பெரும்பாலும் மூடிக்கொள்ளும். அந்த இடைவெளியைப் பக்கத்து நிழலிலிருந்து குளோன் செய்து நிரப்புங்கள். பாதத்தருகே நிழல் ஓரம் கூர்மை. தோளின் நிழல் விழும் இடத்திலோ மங்கல் மூன்று சென்டிமீட்டருக்கும் மேல் வரும். முந்தைய கணக்குதான் அங்கேயும்.

சரிபார்த்தல்

மேலே ஒரு கறுப்பு வெள்ளை லேயர் வைத்து நிறத்தை நீக்கிப் பாருங்கள். நிறம் போனபின் இடத்தோள் இன்னும் வலத்தோளைப்போல் தெரிந்தால் மாஸ்க் போதவில்லை. பிறகு படத்தைக் கட்டைவிரல் அளவுக்குச் சுருக்கிப் பாருங்கள். அந்த அளவிலும் தலையும் தோளும் ஒரே பக்கம் வெளிச்சம் காட்ட வேண்டும். கடைசியாக 100 சதவீதத்தில் கன்னத்தையும் கோட்டையும் மாற்றி மாற்றிப் பாருங்கள். உருவாக்கிய துணி வழவழவென்று இருந்தால் கோட்டு லேயருக்கு Add Noise 1 அல்லது 2 சதவீதம், Monochromatic தேர்ந்து கொடுங்கள். ஃபிளக்ஸில் பெரிதாக அடிக்கும்போது இந்த வித்தியாசம் தோளோரத்தில்தான் முதலில் தெரியும்.

காற்றையும் பார்த்துக்கொள்ளுங்கள். ஜனவரியில் அங்கே வடகிழக்குக் காற்று. முடி ஒரு பக்கம் பறக்க, திறந்த கோட்டின் விளிம்பு இரும்புபோல் நேராகத் தொங்கினால் கண் உறுத்தும். விளிம்பை முடி பறக்கும் பக்கம் கொஞ்சம் தள்ளி உருவாக்கிக்கொள்வது நல்லது.

இந்த முறை எங்கே மாறும்

சித்திரை முதல் நாளை ஒட்டியும் ஆகஸ்ட் கடைசியிலும் ராமேசுவரத்தில் உச்சி வேளைச் சூரியன் நேர் தலைக்கு மேல் வரும். அந்த நண்பகல் படத்தில் இரண்டு தோளும் ஒரே அளவு பிரகாசமாக இருப்பதுதான் சரி. தாடையின் நிழல் சட்டையின் முக்கோணத்தில் நேராக இறங்கும், லாபெல் இரண்டு பக்கமும் மெல்லிய நிழல் தரும், மார்பு மங்கும்.

ஐப்பசி, கார்த்திகை மேகமூட்டத்தில் எடுத்த படத்துக்கு விழும் நிழலே வேண்டாம். காலர் கழுத்தைத் தொடும் கோடு, லாபெலின் அடி, அக்குள் ஆகிய ஒடுங்கிய இடங்களில் மட்டும் மென்மையான இருட்டு, ஓரத்திலிருந்து ஒரு சென்டிமீட்டருக்குள் கரைந்துவிட வேண்டும். அந்தப் படங்களில் soft even light என்று உருவாக்கிய கோட்டு ஏறத்தாழ அப்படியே பொருந்தும். தோளின் மேல்புறத்தை மட்டும் Curves-ல் சற்று உயர்த்துங்கள், மேகத்தின் ஒளி மேலிருந்துதான் வருகிறது.